சாம்பல் டின்னுக்குள் முட்டை: பாட்டியின் முறை பலிக்குமா?

2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோழித் தீவனத்தின் விலை ஏறியதால் முட்டை உற்பத்தி குறைந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல கடைகளின் முட்டை அடுக்குகள் காலியாகக் கிடந்தன. சில கடைகளில் ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று அளந்து கொடுத்தார்கள். அந்த டிசம்பரில்தான் தமிழ்நாட்டின் நாமக்கல்லில் இருந்து முட்டைகள் கடல் தாண்டி மலேசியாவுக்கு வந்தன.

அந்த நேரத்தில் படிவம் 2 மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். வீடு கிள்ளானில். கையில் துணியில் சுற்றிய இரண்டு முட்டைகள்.

"சார், இது ஒரு மாசத்து முட்டை. பாட்டி சாம்பல்ல போட்டு வச்சிருந்தாங்க. கெட்டுப்போகாதுன்னு சொல்றாங்க. அம்மா சாப்பிடக் கூடாதுன்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?"

பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, பழைய பிஸ்கட் டின்னில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி நட்டு, மேலே மீண்டும் சாம்பல் தூவி மூடி வைப்பாராம். முட்டைத் தட்டுப்பாடு என்று தொலைக்காட்சியில் கேட்டதும் அந்தப் பழைய வழக்கம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி இரண்டு முட்டைகளையும் உள்ளே விட்டேன். இரண்டும் மூழ்கின. அகன்ற முனை மட்டும் சற்றே மேல் நோக்கிச் சாய்ந்து நின்றது. "மூழ்கிடுச்சு, அப்ப நல்ல முட்டைதானே சார்!" என்றாள். பிறகு ஒன்றை ஒரு வெள்ளைத் தட்டில் உடைத்தோம். நாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளைக் கரு தண்ணீரைப் போல் தட்டு முழுக்க ஓடியது. மஞ்சள் கரு தோசைபோல் தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

மூழ்கிய முட்டை எப்படி இவ்வளவு தளர்ந்திருக்க முடியும்? அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. மீதியை இப்போது சொல்கிறேன்.

முட்டை மூச்சு விடுகிறது

முட்டையோடு பார்க்க வழவழவென்று இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒரு கோழி முட்டையில் அவை ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை இருக்கும். அகன்ற முனையில் அவை நெருக்கமாக இருக்கும். உள்ளே வளரும் குஞ்சு மூச்சு விடவே இந்த ஏற்பாடு. நாம் வாங்கும் முட்டைக்குள் குஞ்சு இல்லை. ஆனால் துளைகள் இருக்கின்றன. அவை வழியே இரண்டு பொருள்கள் இடைவிடாமல் வெளியேறுகின்றன.

ஒன்று நீராவி. உள்ளிருக்கும் நீர் குறையக் குறைய, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. கைப்பேசியின் விளக்கை ஏற்றி, இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையோடு ஒட்டிப் பிடித்தால் அந்த அறையின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

மற்றொன்று கரிவளி, அதாவது கார்பன் டைஆக்சைடு. கோழி இட்டவுடன் வெள்ளைக் கருவில் இந்த வளி நிறையக் கரைந்திருக்கும். அப்போது வெள்ளைக் கருவின் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 7.6. கரிவளி வெளியேறியதும் அமிலத்தன்மை குறைந்து, சில நாட்களிலேயே அந்த மதிப்பு 9ஐத் தாண்டிவிடும். இப்படிக் காரத்தன்மை கூடும்போது, வெள்ளைக் கருவைக் கெட்டியாக வைத்திருக்கும் புரத வலை தளர்ந்துவிடுகிறது. கெட்டியாக இருந்த பகுதி நீர்த்துப்போகிறது. அந்த நீரில் கொஞ்சம் மஞ்சள் கருவுக்குள்ளும் புகுகிறது. அதைச் சுற்றியுள்ள சவ்வு இழுபட்டு மெலிகிறது. தட்டில் உடைத்தால் மஞ்சள் கரு தட்டையாகக் கிடப்பதன் காரணம் இதுதான்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். முட்டை மிதப்பது நீரிழப்பைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிராம் எடையுள்ள புதிய முட்டையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.09 கிராம். அப்படியானால் அதன் பருமன் 60 ÷ 1.09, அதாவது ஏறக்குறைய 55 கன சென்டிமீட்டர். ஓடு சுருங்காது, எத்தனை நாளானாலும் பருமன் இதே 55தான். தண்ணீரின் அடர்த்தி 1. எனவே முட்டையின் எடை 55 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் அது மிதக்கும். ஐந்து கிராம் நீரை, அதாவது தன் எடையில் எட்டு விழுக்காட்டை இழந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஈரமான காற்றில் துணி மெதுவாகக் காய்வதுபோல், முட்டையும் மெதுவாகத்தான் நீரை இழக்கும். சாம்பலுக்குள் புதைத்தால் காற்றோட்டமும் இல்லை, இன்னும் மெதுவாகும். ஆனால் கரிவளி வெளியேறுவதையும் புரத வலை தளர்வதையும் ஈரப்பதம் தடுக்காது. 30 பாகை வெப்பம் அவற்றை விரைவுபடுத்தவே செய்யும். அதனால்தான் பாட்டியின் முட்டை எடை குறையாமல் மூழ்கியது. உள்ளேயோ கிழடு தட்டியிருந்தது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும் மிதவைச் சோதனையை நம் சமையலறையில் அப்படியே நம்பிவிடக் கூடாது.

எண்ணெய் என்ன செய்கிறது

துளைதான் சிக்கல் என்றால் துளையை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். இந்த எண்ணம் புதிதல்ல. வெப்பமானிக்குப் பெயர்போன பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 18ஆம் நூற்றாண்டிலேயே முட்டைகளுக்கு வார்னிஷும் கொழுப்பும் பூசிச் சோதித்திருக்கிறார்.

இன்று இதற்குப் பயன்படுத்துவது உணவுத்தரக் கனிம எண்ணெய். நிறமோ மணமோ இல்லாத இது, காற்றோடு சேர்ந்து சிக்குவாடை அடிக்காது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் துளைகளை அடைக்கும். ஆனால் அது நாளாக ஆக வாடை பிடிக்கும். முட்டை அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

பூசும் முறை எளிது. சுத்தமான, ஈரமில்லாத, விரிசல் இல்லாத முட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். கழுவக் கூடாது, கோழி இடும்போதே ஓட்டின் மேல் படியும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும். உள்ளங்கையில் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து, முட்டையை எல்லாப் பக்கமும் உருட்ட வேண்டும். சொட்டும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி தட்டில் அடுக்க வேண்டும்.

எண்ணெய் முட்டையைவிடக் குளிராக இருக்கக் கூடாது. வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த திரவத்தில் தொட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் திரவத்தைத் துளை வழியே உறிஞ்சும். ஓட்டின்மேல் இருக்கும் கிருமியும் அதோடு உள்ளே போகும். முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவுபவர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

சரி, இது வேலை செய்கிறதா? செய்கிறது, நன்றாகவே செய்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெய் பூசிய முட்டைகளை 25 பாகையில் ஐந்து வாரம் வைத்துப் பார்த்தார்கள். மிகச் சிறப்பாகக் காத்த எண்ணெயைப் பூசிய முட்டைகள் அந்த ஐந்து வாரத்தில் தம் எடையில் 0.85 விழுக்காட்டை மட்டுமே இழந்தன. பூசாத முட்டைகளோடு ஒப்பிட்டால், பூசியவற்றின் வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் குறைந்தது மூன்று வாரம் கூடுதலாகத் தரம் தாங்கின.

ஆனால் 25 பாகை என்பது அங்கே அறை வெப்பநிலை. மதிய நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சமையலறை அதைவிட எவ்வளவு சூடு என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். அந்த மூன்று வாரத்தை நம் வீட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இன்னொன்றும் உண்டு. கரிவளியின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடுகிறது. அதனால் எண்ணெய் பூச ஏற்ற நேரம் முட்டை இட்ட அன்று, அல்லது மறுநாள். பண்ணையிலிருந்து லாரியில் வந்து, மொத்தக் கடையில் இருந்து, சில்லறைக் கடையில் வெயில் பட்டு, உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முட்டைக்கு எண்ணெய் பூசுவது கதவைப் பாதித் திருடு போன பிறகு பூட்டுவதுபோல. போனது திரும்ப வராது. மிச்சத்தைக் காக்கும், அவ்வளவுதான்.

எங்கள் அறிவியல் கழகத்தில் ஒரு தட்டு முட்டையைப் பாதியாகப் பிரித்துச் செய்து பார்த்தபோது, மாணவர்கள் வேறு ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் பூசியதை அவித்தால் ஓடு உரிக்க வரவே இல்லை. வெள்ளைக் கருவும் சேர்ந்து பிய்ந்து வந்தது. பூசாத பழைய முட்டை அழகாக உரிந்தது. கரிவளி வெளியேறாததால் எண்ணெய் முட்டையின் பி.எச். குறைவாகவே இருக்கிறது, அந்த நிலையில் வெள்ளைக் கரு ஓட்டின் உள்சவ்வை இறுகப் பற்றிக்கொள்ளும். நாசி லெமாக்குக்கு அவித்த முட்டை உரிக்கும் அம்மாக்களுக்கு இது பெரிய தலைவலி. எங்களுக்கோ எண்ணெய் உண்மையிலேயே துளையை அடைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சாம்பலும் சுண்ணாம்பும்

உலர்ந்த சாம்பல் எண்ணெயைப்போல் துளைகளை அடைப்பதில்லை. சாம்பல் துகள்களுக்கு இடையே ஏராளமான இடைவெளி. வளிகள் அதன் வழியே தாராளமாகப் போய்வரும். அது செய்வதெல்லாம் மூன்று வேலைகள். முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையாமல் காக்கிறது. ஓட்டின்மேல் ஈரம் தங்காமல் உறிஞ்சிக்கொள்கிறது. விறகுச் சாம்பலுக்குக் காரத்தன்மை இருப்பதால், ஓட்டின்மேல் பூஞ்சை பிடிப்பதையும் குறைக்கிறது. குளிர்ந்த நிலவறை உள்ள வீட்டில் இது ஓரளவு உதவியிருக்கும். நம் வெப்பத்தில் முட்டை தளர்வதை அது தடுப்பதில்லை. பாட்டியின் தட்டில் பார்த்தோமே.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடும். கடைகளில் கருப்பு நிறச் சாம்பல் குழைவு பூசிய உப்பு வாத்து முட்டை விற்கிறார்கள். அது வாரக்கணக்கில் தாங்குகிறதே என்று கேட்பீர்கள். அங்கே காப்பது உப்பு. சாம்பல் அந்த உப்பை ஈரத்தோடு ஓட்டின்மேல் ஒட்டி நிறுத்தும் பசை மாதிரி. உப்பு துளை வழியே உள்ளே போய் முட்டையையே மாற்றிவிடுகிறது. சீனர்களின் கருப்பு முட்டையான பிடானும் அப்படித்தான். அங்கே காரப்பொருள் உள்ளே ஊறி வெள்ளைக் கருவைக் கூழ்மமாக உறைய வைக்கிறது. இவை முட்டையை வேறு உணவாக்கும் முறைகள். பாட்டி விரும்பியது முட்டை முட்டையாகவே இருக்க வேண்டும் என்பது.

சுண்ணாம்பின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் வேதியியலை நீங்கள் ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டீர்கள். சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சுகுழல் வழியே ஊதினால் அது பால்போல் கலங்குகிறது அல்லவா? நம் மூச்சிலுள்ள கரிவளி சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதால் வரும் கலங்கல் அது.

Ca(OH)₂ + CO₂ → CaCO₃ + H₂O

இப்போது முட்டையைச் சுண்ணாம்பு நீரில் மூழ்க வையுங்கள். முட்டை தன் துளைகள் வழியே கரிவளியை விடுகிறது. துளையின் வாயிலேயே அது சுண்ணாம்பைச் சந்திக்கிறது. அங்கே கால்சியம் கார்பனேட் படிகிறது. முட்டையோடு எதனால் ஆனது? அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். முட்டை விடும் மூச்சே ஓட்டின் அதே பொருளை உண்டாக்கித் துளையை அடைக்க உதவுகிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்பதனப் பெட்டி பரவுவதற்கு முன் இது வீட்டு வழக்கம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 28 கிராம் தூய நீற்றிய சுண்ணாம்பு என்பது பரவலான அளவு. நம் வெப்பநிலையில் ஒரு லிட்டரில் கரைவது ஒன்றரை கிராம்தான். மீதி அடியில் வண்டலாகத் தங்கும். அது வீண் அல்ல, சேமிப்பு. கரைந்த சுண்ணாம்பு கரிவளியோடு சேர்ந்து தீரத் தீர, வண்டலிலிருந்து புதிதாகக் கரைந்து வரும். சாடியை மூடி வைக்காவிட்டால், அறைக் காற்றிலுள்ள கரிவளி மேற்பரப்பில் ஏடுபோல் படிந்து சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு 12.4. அதில் எந்தச் சாதாரணக் கிருமியும் பிழைக்காது. அதே காரணத்தால் அது உங்கள் கண்ணுக்கும் ஆபத்து. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றாத கட்டிச் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பெரியவர் துணையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். சாடியில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தாலும் முழுச் சாடியும் பாழாகும். சுண்ணாம்பில் கிடந்த முட்டையை அப்படியே அவித்தால் வெடிக்கவும் செய்யும். சூடேறும் காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அதனால் அகன்ற முனையில் ஊசியால் ஒரு துளை போட்டு அவிப்பார்கள்.

மாதக்கணக்கில் முட்டை தாங்கியதாகப் பழைய குறிப்புகள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாடிகள் இருந்த இடம் நிலத்தடி அறை, குளிர்காலம். கிள்ளானில் அப்படிப்பட்ட அறைக்கு நாம் எங்கே போவது?

அம்மாவின் பயம்

இதுவரை நாம் பேசியது முட்டை கெட்டியாக இருக்குமா என்பதைப் பற்றி. அந்த மாணவியின் அம்மா கேட்டதோ வேறு கேள்வி: சாப்பிட்டால் நோய் வருமா?

எண்ணெய், சாம்பல், சுண்ணாம்பு மூன்றும் ஓட்டுக்கு வெளியே நிற்கும் காவலர்கள். சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, ஓட்டுக்கு உள்ளேயே இருக்க முடியும். நோயுள்ள கோழியின் உடலில், ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் சேர்ந்துவிடுகிறது. கோழி ஆரோக்கியமாகத் தெரியும். முட்டையும் சுத்தமாகத் தெரியும். இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. 2021 மார்ச்சில், சிலாங்கூரின் ஒரு பண்ணையிலிருந்து போன முட்டைகளில் இந்தக் கிருமி இருந்ததால், சிங்கப்பூர் உணவு முகமை அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டது.

இத்தகைய முட்டைகள் மிகச் சில. அவற்றிலும் தொடக்கத்தில் சில கிருமிகள்தான் இருக்கும். வெள்ளைக் கருவில் அவை எளிதில் பெருக முடியாது. அங்கே இரும்புச் சத்து அவற்றுக்குக் கிடைக்காது, காரத்தன்மையும் அதிகம். ஆனால் நாள் ஆக ஆக மஞ்சள் கருவின் சவ்வு மெலிகிறது என்றேனே, அப்போது சத்து கசிகிறது. கிருமியும் உள்ளே புகுகிறது. மஞ்சள் கருவுக்குள் போய்விட்டால் அதற்கு விருந்துதான். நம் அறை வெப்பத்தில் அது ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். மணிக்கு ஒரு முறை என்றே வைத்துக்கொள்வோம். பத்துக் கிருமிகள் இருபது மணி நேரத்தில் எத்தனை ஆகும்? இரண்டை இருபது முறை பெருக்குங்கள்; பத்து இலட்சத்துக்கு மேல் வரும். அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு கோடி.

அந்த ஒரு கோடிக்கு நாற்றம் இல்லை. அழுகிய முட்டையின் நாற்றம் வேறு பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. முகர்ந்து பார்த்துச் சால்மொனெல்லாவைக் கண்டுபிடிக்க முடியாது. மிதக்க விட்டும் முடியாது. அதிலும் எண்ணெய் பூசிய முட்டை எடையே இழக்காது என்பதால், இரண்டு மாதமானாலும் அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும். எண்ணெய் மஞ்சள் கருவின் சவ்வை உறுதியாக வைத்திருப்பது நல்லதுதான். அதே எண்ணெய், வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறுவதைத் தடுப்பதால், கிருமிக்கு எதிரான ஒரு வேலியைச் சற்றுத் தாழ்த்தியும் விடுகிறது. கூட்டிக் கழித்தால், பூச்சு முட்டையைப் புதியதுபோல் வைத்திருக்கிறது. பாதுகாப்பானது என்று உறுதி தருவதில்லை. இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் இந்த முறைகளில் உள்ள பொறி.

கிருமியைத் தடுப்பவை இரண்டு. ஒன்று குளிர்: சுமார் 7 பாகைக்குக் கீழே சால்மொனெல்லா பெருகுவது ஏறத்தாழ நின்றுவிடும். ஐஸ் பெட்டியின் கதவில் அல்ல, உள்தட்டில் வைத்தால் 4 பாகை கிடைக்கும். அங்கே எண்ணெய் இல்லாமலே முட்டை நான்கைந்து வாரம் நன்றாக இருக்கும். வெளியே எடுத்தபின் வியர்த்துவிடும், அதனால் எடுத்ததை மீண்டும் உள்ளே வைக்காமல் சமைத்துவிட வேண்டும். மற்றொன்று சூடு: மஞ்சள் கரு உட்பட முழுவதும் இறுகும்வரை வேக வைத்தால் கிருமி சாகும்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. கோப்பிக் கடையில் ரொட்டியோடு தரும் அரைவேக்காட்டு முட்டையை நானும் விரும்பிச் சாப்பிடுபவன். அதில் மஞ்சள் கரு வேகுவதே இல்லை. புது முட்டைக்கு அது சிறிய ஆபத்து. சாம்பலிலோ எண்ணெயிலோ வாரக்கணக்கில் அறை வெப்பத்தில் கிடந்த முட்டையை அப்படிச் சாப்பிடவே கூடாது. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

நீங்களே சோதிக்க

எண்ணெயின் பங்கை அளந்து பார்க்க விரும்பினால் பத்து முட்டைகளும் 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசும் போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதுங்கள். ஐந்துக்கு எண்ணெய் பூசுங்கள், ஐந்தை அப்படியே விடுங்கள். எண்ணெய்க்கும் எடை உண்டு. ஆகவே பூசி முடித்த பிறகே முதல் எடையைக் குறியுங்கள். பத்தையும் ஒரே அலமாரியில் வைத்து, நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் எடை பாருங்கள். ஒவ்வொரு வாரமும் இரு வகையிலும் ஒன்றைத் தட்டையான கண்ணாடியில் உடைத்து, மஞ்சள் கருவுக்கு அருகே வெள்ளைக் கருவின் உயரத்தை அடிக்கோலால் அளக்கலாம். புதிய முட்டையில் அது 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பூசாதவற்றில் அந்த உயரம் பாதியாகக் குறைய எத்தனை வாரம் ஆகிறது என்று பாருங்கள். எடை எவ்வளவு குறைந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினால், மிதவைச் சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பது உங்கள் அட்டவணையிலேயே தெரியும். உடைத்த முட்டைகளைச் சாப்பிடாமல் எறிந்துவிட்டு, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அந்தப் பாட்டியின் டின்னில் அப்போது இன்னும் பதினோரு முட்டைகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒன்று நாறியதாம், எறிந்துவிட்டார்கள். மற்ற பத்தையும் எறியச் சொன்னது அம்மா. வீண் பண்ணக் கூடாது என்றது பாட்டி. கடைசியில் நன்றாக வேக வைத்துச் சம்பல் செய்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அந்த மாணவி மறுவாரம் வந்து சொன்னாள். பாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார்: "ஐஸ் பெட்டியில கரண்ட் போயிட்டா அப்ப உங்க சார் என்ன பண்ணுவாராம்?"

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பெட்டியின் குளிர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும் என்று எழுதி அனுப்பினேன்.